பாம்பன் வீடியோ: டைட்டில், தம்ப்நெயில் பைனல்

அண்ணே, பாம்பன் வீடியோவுக்கு டைட்டிலும் தம்ப்நெயில் எழுத்தும் கீழ இருக்கு, அப்படியே காப்பி பண்ணி போட்டுக்கலாம்.

டைட்டில்:
1964 புயல்ல உடைஞ்ச பாம்பன் பாலம் | 46 நாள்ல மறுபடி ரயில் ஓடினது எப்படி?

தம்ப்நெயில்ல பெருசா:
கெடு: 6 மாசம்
அதை ஒரு சிவப்புக் கோடு போட்டு அடிச்சுட்டு, கீழ மஞ்சள்ல
46 நாள்!

அவ்வளவுதான், வேற எழுத்து வேண்டாம். பாலத்தைச் சரிபண்ண ரயில்வே குடுத்த கெடு 6 மாசம், மேலதிகாரி அதை 3 மாசமா குறைச்சாரு, அந்த வேலையைப் பாத்த இன்ஜினியர் ஸ்ரீதரன் 46 நாள்ல முடிச்சாரு. நடுவுல இருக்குற 3 மாசத்தை தம்ப்நெயில்ல சொல்லவே கூடாது, அது வீடியோவுல வரும்போதுதான் பாக்குறவங்க "அட"ன்னு நிமிர்ந்து உக்காருவாங்க. எதையும் மாத்திச் சொல்லல, பாதியை உள்ள வச்சிருக்கோம், அதுவே போதும்.

நீங்க குரூப்ல போட்ட "பாலத்தோட கடலுக்குள்ள போன ரயில்! யாருக்கும் தெரியாத உண்மை" வேண்டவே வேண்டாம்ணே. அந்த பாசஞ்சர் வண்டி பாம்பன் பாலத்துல இருந்து விழல, டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது அலை அடிச்சுட்டுப் போனது, பாலம் சேதமானது அதே புயல்ல நடந்த இன்னொரு விஷயம். ரெண்டையும் ஒட்டி எத்தனை தம்ப்நெயில் வந்துருக்குன்னு தேடிப் பாருங்க, பாலத்துல இருந்து தொங்குற பெட்டின்னு கிராபிக்ஸ் போட்டு வச்சிருக்காங்க. நூத்துக்கும் மேல ஆளுங்க செத்த விஷயம், ராமேஸ்வரம் பக்கம் அதுல சொந்தத்தை பறிகொடுத்த குடும்பங்க இன்னும் இருக்கு, அவங்க நம்ம சேனலைத் திறந்தா அந்தப் படம் முன்னாடி நிக்கக் கூடாது. அதே மாதிரி "பாலமே காணாமப் போச்சு"ன்னும் போட வேண்டாம், தண்டவாளத்தைத் தாங்குற இரும்பு கர்டருங்கதான் கடல்ல விழுந்துச்சு, நடுவுல திறக்குற பகுதி தப்பிச்சு நின்னுச்சு.

தம்ப்நெயில் டெஸ்ட்ல ரெண்டாவதா வைக்க இது:
32 வயசு இன்ஜினியர்
கடலுக்குள்ள கிடந்த கர்டர்

இதுக்குத் தோதா டைட்டில்:
டெல்லி மெட்ரோ கட்டின ஸ்ரீதரன் 32 வயசுல பாம்பன்ல செஞ்ச வேலை

எனக்கு முதல் செட்டுதான் பிடிச்சிருக்கு, ஆனா மெட்ரோ பேரு கேட்டு சென்னைப் பசங்க கிளிக் பண்ண வாய்ப்பு இருக்கு, அதனால இருக்கட்டும். மூணாவது வேண்டாம், வியூஸ் சிதறிடும்.

தம்பிகிட்ட ஒண்ணு கண்டிப்பா சொல்லிருங்க, போட்டோ பழைய பாலமா இருக்கணும். பழசு நடுவுல ரெண்டு கையை மேல தூக்கின மாதிரி பிரிஞ்சு திறந்துச்சு, 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலம் ரெண்டு கோபுரத்துக்கு நடுவுல மொத்தமா லிப்ட் மாதிரி மேல போகும், கூகுள்ல தேடினா இப்ப புதுசுதான் முதல்ல வருது. வலது பக்கம் கீழ எழுத்து வைக்க வேண்டாம், வீடியோ நேரம் அங்கதான் வந்து உக்காரும், "46 நாள்"ல "நாள்" மறைஞ்சு "46" மட்டும் நின்னா ஒண்ணும் புரியாது.

ஷார்ட்ஸுக்கு:
பாம்பன் பழைய பாலத்தை திறந்தது மோட்டார் இல்ல, மனுஷங்க!
முதல் பிரேம்ல எழுத்து:
இதை கையால திறந்தாங்க
லீவரைப் பிடிச்சு ஆளுங்க சுத்தி சுத்தி வர்ற காட்சி முதல் ரெண்டு செகண்டுக்குள்ள வந்துரணும், கேள்வியைப் போட்டுட்டு கடைசி வரைக்கும் இழுக்குற வேலை நமக்கு வேண்டாம்.

டிஸ்கிரிப்ஷன் முதல் ரெண்டு வரி:
1914ல திறந்த பாம்பன் ரயில் பாலம், 1964 டிசம்பர் புயல்ல சேதமாச்சு. கடலுக்குள்ள விழுந்த கர்டரை எடுத்து, 46 நாள்ல மறுபடி ரயில் விட்ட கதை இது.

பின் பண்ற கமெண்ட்:
தனுஷ்கோடி ரயில் விபத்து இந்த வீடியோவுல சுருக்கமாதான் வருது, இது பாலத்தைச் சரிபண்ண கதை. உங்க வீட்டுல அந்தப் புயலைப் பாத்தவங்க யாராச்சும் இருந்தா அவங்க சொன்னதை கீழ எழுதுங்க, நாங்க எல்லாத்தையும் படிப்போம்.

இன்னொரு விஷயம், இப்ப இருக்குற கட்டுல 46 நாள் மேட்டர் ஆறாவது நிமிஷத்துலதான் ஆரம்பிக்குது. முன்னாடி வர்ற ராமேஸ்வரம் கோயில் ட்ரோன் ஷாட் அழகா இருக்கு, ஆனா டைட்டில் பாத்து வந்தவன் அதுக்கு வரல. அதைப் பாதியா வெட்டி, ரெண்டாவது நிமிஷத்துக்குள்ள கெடு விஷயத்தைக் கொண்டு வரச் சொல்லுங்க, அது ஆகலன்னா நாளைக்கு அப்லோட் வேண்டாம், வெள்ளிக்கிழமை போட்டுக்கலாம்.