சான்றிட்ட நகல் கேட்டு கம்பெனிகளின் பதிவாளருக்குக் கடிதம்

காவேரிப்பட்டணம்
10.02.2025

அனுப்புநர்:
மா. தமிழ்ச்செல்வி,
இயக்குநர்,
தென்பெண்ணை ஃப்ரூட் பல்ப்ஸ் பிரைவேட் லிமிடெட்,
சேலம் சாலை, காவேரிப்பட்டணம் - 635112,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
கம்பெனிகளின் பதிவாளர் அவர்கள்,
கோயம்புத்தூர்.

ஐயா,

பொருள்: கம்பெனியின் பதிவுச் சான்றிதழ், மெமோரண்டம், ஆர்ட்டிகிள்ஸ் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள் வேண்டுதல் - தொடர்பாக.
பார்வை: 1. கம்பெனிகள் சட்டம், 2013, பிரிவு 399. 2. எங்கள் சிஐஎன்: U15139TZ1998PTC008417.

வணக்கம். எங்கள் கம்பெனி 1956-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் கீழ் 1998-இல் தங்கள் அலுவலகத்தில் பதிவானது. அப்போதைய பெயர் தென்பெண்ணை அக்ரோ ஃபுட்ஸ் பிரைவேட் லிமிடெட். 2007-இல் இப்போதுள்ள பெயருக்கு மாறினோம். கம்பெனி ஒன்றேதான், சிஐஎன்-னும் ஒன்றேதான்.

மூல ஆவணங்கள் இப்போது எங்களிடம் பயன்படுத்தும் நிலையில் இல்லை. பழைய அலுவலக அறையின் மர அலமாரியில் கரையான் ஏறிவிட்டது. 1998-ஆம் ஆண்டுச் சான்றிதழில் கம்பெனியின் பெயர் வரைக்கும் படிக்க முடிகிறது. அதற்குக் கீழே பதிவாளரின் கையொப்பமும் முத்திரையும் இருந்த பகுதி இல்லை. மெமோரண்டத்தில் முதல் பங்குதாரர்கள் கையெழுத்திட்ட கடைசிப் பக்கம் மண்ணோடு ஒட்டிப் போய்விட்டது. பிரிக்கப் போனால் தூளாகிறது.

ஆகவே கீழ்க்கண்டவற்றின் சான்றிட்ட நகல்களை இரண்டு தொகுப்புகளாக வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்: 1998-இல் வழங்கப்பட்ட பதிவுச் சான்றிதழ், 2007-இல் பெயர் மாற்றத்துக்குப் பின் வழங்கப்பட்ட புதிய சான்றிதழ், பதிவின்போது தாக்கல் செய்த மெமோரண்டம், ஆர்ட்டிகிள்ஸ், கையொப்பப் பக்கம் உட்பட, அப்புறம், 2007-இல் திருத்திய ஆர்ட்டிகிள்ஸ்.

இரண்டு சான்றிதழ்களும் ஏன் வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆலை நிற்கும் நிலத்தை 1999-இல் பழைய பெயரில் கிரயம் செய்தோம். குளிர்பதனக் கிடங்கு கட்டுவதற்கு அந்த நிலத்தை அடமானம் வைத்துக் கடன் கேட்டிருக்கிறோம். பத்திரத்தில் உள்ள கம்பெனியும் கடன் கேட்கும் கம்பெனியும் ஒன்றுதான் என்பதற்கு ஆவணம் வேண்டும் என்று வங்கியின் வழக்கறிஞர் சொல்கிறார். அது நியாயமான கேள்வி. எங்களிடம் மிஞ்சியிருக்கும் ஜெராக்ஸ் அதற்குப் போதாது; பிரிவு 399-இன்படி தாங்கள் சான்றிட்டுத் தரும் நகல்தான் மூலத்துக்கு நிகரான சாட்சியமாக ஏற்கப்படும்.

தேடுவதற்கு உதவியாக ஒரு விவரம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்தான். அதனால் 1998-ஆம் ஆண்டுக் கோப்பில் எங்கள் முகவரி தருமபுரி மாவட்டம் என்றே இருக்கும். அது வேறு கம்பெனியோ, இடம் மாறிய அலுவலகமோ அல்ல. பதிவு அலுவலகம் ஆரம்பம் முதல் இதே இடத்தில்தான் இருக்கிறது. அந்தக் காலத் தாக்கல்கள் எல்லாம் காகிதத்தில் செய்தவை என்பதால், பழைய பெயரையும் சேர்த்துப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.

கட்டணம் சான்றிதழ் ஒன்றுக்கு 100 ரூபாய், மற்ற ஆவணங்களுக்குப் பக்கத்துக்கு 25 ரூபாய் என்பதை அறிவேன். பழைய மெமோரண்டமும் ஆர்ட்டிகிள்ஸும் எத்தனை பக்கம் என்று எங்களிடம் கணக்கில்லை. பக்க எண்ணிக்கையையும் முத்திரைத் தீர்வையையும் தெரிவித்தால் எம்சிஏ இணையதளம் வழியாக அன்றே செலுத்திவிடுகிறேன்.

ஏதேனும் ஒரு ஆவணத்தைத் தேடி எடுக்க நாளாகும் என்றால், அதற்காக மற்றவற்றை நிறுத்தி வைக்க வேண்டாம். இரண்டு சான்றிதழ்களும் முதலில் கிடைத்தாலே வங்கியில் வேலை நகரும். மே மாதம் பெங்களூரா மாங்காய் வரத்து தொடங்கிவிடும். சுற்று வட்டாரத் தோட்டக்காரர்கள் லோடு ஏற்றி வந்து வாசலில் நிற்கும்போது கூழை வைக்க இடமில்லை என்று திருப்பி அனுப்ப எனக்கு மனம் வராது. பழம் காத்திருக்காது. அதற்குள் கிடங்கின் முதல் அறையாவது எழும்ப வேண்டும் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்திக் கேட்கிறேன்.

நகல்கள் தயாரானதும் தகவல் தந்தால் நேரில் வந்து பெற்றுக்கொள்கிறேன். பதிவுத் தபாலில் அனுப்புவது வசதி என்றால் மேலே உள்ள முகவரிக்கே அனுப்பலாம். கோப்பில் ஏதாவது ஐயம் இருந்தாலும் கூப்பிடுங்கள், உடனே புறப்பட்டு வருகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மா. தமிழ்ச்செல்வி
இயக்குநர்
(கையொப்பம், கம்பெனி முத்திரை)

இணைப்பு: விண்ணப்பிக்க என்னை அதிகாரப்படுத்திய இயக்குநர் குழுத் தீர்மானம், எனது அடையாள அட்டை நகல், சிதைந்த 1998 சான்றிதழின் புகைப்படம், 1999 கிரயப் பத்திரத்தின் முதல் பக்க நகல்.