நடுவர் மதிப்பெண் தாள்: பதிவு எண் 14, மீன் வியாபாரிகளுக்கான குளிர்ப்பெட்டி

இடம்: கடலூர். அரையிறுதிச் சுற்று. இந்த அணியில் எனக்கு உறவினரோ, மாணவரோ, முதலீடோ இல்லை. மற்ற நடுவர்களோடு பேசுவதற்கு முன்பே இந்த மதிப்பெண்களை எழுதிவிட்டேன்.

5 = வெளியார் சரிபார்த்த சான்று; 3 = அணியே எடுத்த அளவீடு; 1 = வாய்ச்சொல் மட்டும். ஸ்லைடு அழகுக்கும் ஆங்கிலப் பேச்சுக்கும் மதிப்பெண் கிடையாது.

சிக்கல் (25): 4/5 → 20
தயாரிப்பு, சோதனை (25): 3/5 → 15
வாடிக்கையாளர் சான்று (20): 3/5 → 12
வரவு செலவு (20): 2/5 → 8
அணி (10): 4/5 → 8
மொத்தம்: 63/100

அணிக்கான குறிப்புகள்

முதுநகர் துறைமுகத்தில் காலையில் எடுத்த மீன், மதியத்துக்குமேல் பாதி விலைக்குப் போவதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். ஏலம் முடியும் நேரம், பேருந்து நேரம் எல்லாம் குறித்திருப்பதால்தான் சிக்கலுக்கு 4.

சோதனையில்தான் எனக்குக் குறை. எட்டு மணி நேரம் 4 டிகிரிக்குள் இருந்ததாகக் காட்டிய வரைபடம், 27 டிகிரி அறையில் எடுத்தது. சென்சாரும் ஐஸை ஒட்டியே இருந்தது. அங்கே எப்போதும் குளிராகத்தான் காட்டும். 20 கிலோ மீனை நிரப்பி, நடு அடுக்கு மீனின் சதைக்குள் சென்சாரைச் செருகி, வெயிலில் வைத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து அளவெடுங்கள். வியாபாரம் நடப்பது அப்படித்தானே. மூடியின் ரப்பர் பீடிங் ஒரு மூலையில் விரல் நுழையும் அளவு விட்டிருந்தது. வடிகுழாயின் உள்பக்கம் வலை இல்லை. செதில் அடைத்தால் மீன் அழுக்குத் தண்ணீரில் ஊறும்.

வரவு செலவில் உங்கள் இரண்டு பக்கங்களே ஒன்றோடொன்று மோதுகின்றன. மூன்றாம் பக்கத்தில் நீங்கள் பேசிய ஆறு பெண்களும் ஐஸுக்கு நாளொன்றுக்கு 60 ரூபாய் செலவழிக்கிறார்கள். ஏழாம் பக்கத்தில் ஐஸில் தினம் 120 ரூபாய் மிச்சம், பெட்டியின் 2,400 ரூபாய் 20 நாளில் திரும்பும் என்கிறீர்கள். செலவே 60 என்றால் மிச்சம் 120 எப்படி வரும்? ஐஸ் பாதியாகக் குறைந்தாலும் மிச்சம் 30. முதல் திரும்ப 80 நாள். பொருள் செலவு 1,850 போக நிற்பது 550. ஒரு பெட்டிக்கு இருவர் அரை நாள் வேலை என்றீர்கள். ஓர் ஆளின் ஒரு நாள் கூலிக்கே அது போதாது.

உண்மையான லாபம் ஐஸில் இல்லை, மாலை வரை விலை இறங்காமல் மீனை விற்பதில் இருக்கிறது என்பது என் கருத்து. அதை நீங்கள் அளக்கவே இல்லை. இரண்டு பேருக்குப் பெட்டி கொடுத்து, இரண்டு வாரம் காலை விலையும் மாலை விலையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

எடை: பெட்டி 6.5, மீன் 20, ஐஸ் 6, ஆக 32.5 கிலோ. தலைச்சுமையாகப் போகிறவர் இதைத் தனியாகத் தூக்கிப் பேருந்தில் ஏற்ற முடியாது. கேள்வி நேரத்தில் இதை மறுக்காமல், 10 கிலோ மாதிரியின் வரைபடத்தை உடனே எடுத்துக் காட்டினீர்கள். அணிக்கு 3 போட்டிருந்தேன். அதனால் 4 ஆக்கினேன்.

பரிந்துரை: இறுதிச் சுற்றுக்கு அனுப்பலாம். வெயில் சோதனை அளவீடுகளும் திருத்திய ஏழாம் பக்கமும் அதற்கு முன் வந்து சேர வேண்டும்.