ஷிஃப்ட் 2 சார்பில் நன்றி: பட்டமளிப்பு நாள் உரை

மேடையில் இருக்கும் முதல்வர் அவர்களே, துறைத் தலைவர்களே, எங்களுக்குப் பாடம் எடுத்த ஆசிரியர்களே, அலுவலகத்திலும் ஆய்வகத்திலும் நூலகத்திலும் பணிபுரியும் அண்ணன்களே, அக்காக்களே, காலையிலிருந்து இந்தப் புழுக்கத்தில் பொறுமையாகக் காத்திருக்கும் பெற்றோர்களே, அப்புறம் கறுப்புக் கவுனுக்குள் வெந்துகொண்டிருக்கும் என் நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

2022 முதல் 2025 வரை படித்த எங்கள் பேட்ச் சார்பில் பேச என்னை அனுப்பியிருக்கிறார்கள். வேதியியல் துறை, ஷிஃப்ட் 2. "சீக்கிரம் முடி, சாப்பாடு ஆறிடும்" என்று முன்வரிசையிலிருந்து இப்போதே சைகை வருகிறது. சரி, கவனத்தில் வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் பேட்ச்சுக்கு ஒரு தனிக்கதை உண்டு. 2020-இல் நாங்கள் பத்தாம் வகுப்பு. தேர்வுக்குத் தயாராகி உட்கார்ந்திருந்தோம், ஊரடங்கு வந்தது, தேர்வே ரத்து, எல்லோரும் பாஸ். பதினொன்றாம் வகுப்பில் பெரும்பாலும் போன்தான் பள்ளிக்கூடம். அதிலும் எல்லோரும் பாஸ். 2021 செப்டம்பரில் பள்ளி திறந்து, பன்னிரண்டாம் வகுப்பை அவசரமாக முடித்து, 2022 மே மாதம் முதன்முதலாக ஒரு பொதுத்தேர்வு எழுதினோம். அந்தக் கையோடுதான் இந்த வாசலுக்கு வந்தோம்.

அப்படி வந்தவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் எப்படிப் பேசுவது என்றே தெரியவில்லை. முதல் வாரம் வகுப்பில் அவ்வளவு அமைதி. ஒரே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு வாட்ஸ்அப்பில் "ஹாய்" அனுப்பிக்கொண்டவர்கள் இங்கே இருக்கிறார்கள், பெயர் சொல்லமாட்டேன். எங்களைப் பார்த்து, "இவ்வளவு நல்ல பிள்ளைகளா!" என்று ஆசிரியர்கள் சந்தோஷப்பட்டார்கள். அந்தச் சந்தோஷம் நவராத்திரி லீவு வரைதான் நீடித்தது.

வேதியியல் படிக்க வந்த எங்களில் பல பேர் பிப்பெட்டை வீடியோவில்தான் பார்த்திருந்தோம். கையில் பிடித்தது இந்த ஆய்வகத்தில்தான். டைட்ரேஷனில் ஒரு சொட்டு விழுந்ததும் வெளிர் ரோஜா நிறம் வந்து நிலைக்க வேண்டும். எங்களுக்கு நேராக அடர் ரோஜாவே வரும். "ஒரு சொட்டும்மா, ஒரே ஒரு சொட்டு" என்று எங்கள் மேடம் ஒவ்வொரு மேசையாக நின்று, புரெட்டைத் திருகும் விரல்களைப் பிடித்தே சொல்லிக்கொடுத்தார். நிறம் சரியாக வந்த அன்று வகுப்பே கைதட்டியது. போன் திரையில் யாரும் இப்படி விரலைப் பிடித்துச் சொல்லித்தர முடியாது. மேடம், அதற்காகத் தனியாக ஒரு நன்றி.

ஆய்வக உதவியாளர் அண்ணனைச் சொல்லாமல் இறங்கினால் எனக்குத் தூக்கம் வராது. உப்புப் பகுப்பாய்வில் பழுப்பு வளையம் வருமா வராதா என்று நாங்கள் சோதனைக் குழாயை முறைத்துக்கொண்டிருப்போம். அண்ணன் அந்தப் பக்கமாக நடந்துபோவார். என்ன உப்பு என்று அவருக்குத் தெரியும், எங்களுக்கும் அவர் முகத்தைப் படிக்கத் தெரியும் என்று நினைத்தோம். மூன்று வருடமும் அந்த முகம் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் யாருக்காவது கையில் அமிலம் தெறித்தால், நாங்கள் கத்துவதற்குள் குழாயைத் திறந்து கையை நீட்டச் சொல்லி நிற்பார்.

ஷிஃப்ட் 1 நண்பர்களுக்கும் நன்றி. நாங்கள் மதியம் வரும்போது பெஞ்சைச் சூடாகவும் கரும்பலகையைப் பாதி அழித்தும் வைத்திருப்பீர்கள். உங்கள் கணக்குகளில் சிலவற்றை நாங்கள் போட்டு முடித்திருக்கிறோம்.

மதிய வெயிலில் தாம்பரத்திலிருந்து 21ஜி பிடித்து வந்தவர்கள், கும்மிடிப்பூண்டி லைனில் ரயில் நின்ற இடத்திலேயே நிற்க, அதற்குள்ளேயே ரெக்கார்டு எழுதி முடித்தவர்கள், மெட்ரோ வேலைக்காகச் சாலையைத் திருப்பிவிட்டதில் தினமும் ஒரு புதுத் தெருவைக் கண்டுபிடித்து வந்தவர்கள் என்று எல்லோரும் இங்கே இருக்கிறார்கள். ஐந்து நிமிடத் தாமதத்துக்கு நாங்கள் சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மைதான் என்று வாசலில் நிற்கும் தாத்தா நம்பினார். ஐடி கார்டு விஷயத்தில் மட்டும் யாரையும் நம்பவில்லை.

காசு விஷயத்தையும் சொல்ல வேண்டும். நாங்கள் சேர்ந்த சமயம், 2022 செப்டம்பரில், புதுமைப் பெண் திட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்த எங்கள் வகுப்புப் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். அது பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் போனது, மாதம் ஒரு நாள் பக்கத்துப் பெஞ்சுப் பையன்களுக்கு சமோசாவாகவும் போனது. 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்ததும் "இனிமேல் ட்ரீட் உங்கள் முறை" என்று கேன்டீனிலேயே தீர்மானம் போட்டார்கள். இன்னும் பாக்கி இருக்கிறது. பையன்களே, வேலை கிடைத்திருக்கிறது இல்லையா, இன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

2023 டிசம்பரை எங்களால் மறக்க முடியாது. மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணையில் எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை, அவளிடமிருந்து சேதியே இல்லை. "யாராவது பேசினீங்களா?" என்ற ஒரே கேள்விதான் எங்கள் குரூப்பில் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வடிந்து அவள் வந்தபோது கையில் ரெக்கார்டு நோட்டு இல்லை, ஊறிப் போய்விட்டது. செய்முறைத் தேர்வு பக்கத்தில் இருந்தது. ஆளுக்குக் கொஞ்சம் பக்கம் பிரித்துக்கொண்டு எழுதினோம். ஒரே நோட்டு, அதில் நான்கைந்து கையெழுத்து, படம் போட்டவன் வேறு ஆள். எங்கள் துறைத் தலைவர் அதை வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கையெழுத்துப் போட்டுவிட்டு, "வீட்டில் எல்லோரும் பத்திரமா?" என்று மட்டும் அவளிடம் கேட்டார். சார், அன்று வெளியே வராந்தாவில் நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். பேசத் தெரியாமல் வந்த பிள்ளைகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொடுக்கும் அளவுக்கு வந்ததை நீங்கள் அப்படியே ஏற்றுக்கொண்டீர்கள். இந்தக் கல்லூரி எங்களுக்குக் கொடுத்ததில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கையெழுத்துதான்.

அடுத்து, பெற்றோர்களே. எங்களில் நிறைய பேர் வீட்டில் முதல் பட்டதாரி. அந்த ஊரடங்கு நாட்களில் வீட்டில் இருந்த ஒரே போனை எங்கள் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனவர்கள் நீங்கள். எங்கே இருக்கிறீர்கள், சாப்பிட்டீர்களா என்று கேட்கக்கூட வழி இல்லாமல் சாயங்காலம் வரை நாங்கள் காத்திருந்திருக்கிறோம். அப்போது அதைச் சொல்லத் தெரியவில்லை. இப்போது மைக் கிடைத்திருக்கிறது, சொல்லிவிடுகிறேன். அப்பா, அம்மா, ரொம்ப நன்றி.

நண்பர்களே, எம்.எஸ்சி. போகிறவர்கள், ஒரகடத்தில் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், இன்னும் முடிவு செய்யாதவர்கள், யாரும் குரூப்பை விட்டு வெளியேறக்கூடாது. மழை எச்சரிக்கை வந்தால் முன்போலவே எல்லோரும் ஒரு "நான் ஓகே" போட்டுவிடுங்கள்.

கடைசியாக அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம். கவுனையும் தொப்பியையும் ஐந்து மணிக்குள் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு அரை மணி நேரம் சேர்த்துத் தாருங்கள். அவற்றை எங்கள் அம்மா அப்பாவுக்குப் போட்டுவிட்டு ஒரு படம் எடுக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.