கடை திறப்புக்கு விளம்பரமா, பி.ஆரா?

கேள்வி: வேளச்சேரியில் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறேன். தை மாதம் தாம்பரத்தில் இரண்டாவது கடை திறக்கிறேன். கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. அதை நாளிதழ் விளம்பரத்தில் போடுவதா, பி.ஆர். என்ற மக்கள் தொடர்பு வேலை பார்ப்பவரிடம் கொடுப்பதா? நம்பகம், செலவு, சொல்லும் சேதி நம் பிடியில் இருப்பது, இந்த மூன்றில் எது மேல் என்று சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்: மூன்றையும் தனித்தனியாக எடை போடாதீர்கள். விளம்பரத்தில் இடத்தைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். அதனால் எழுத்து, படம், நாள், பக்கம் எல்லாம் உங்கள் பிடியில். படிப்பவருக்கும் அது தெரியும், அதனால்தான் பாதியைத் தள்ளிவிட்டுப் படிக்கிறார். வெள்ளிக்கிழமை ரிலீஸான படத்துக்கு சனிக்கிழமையே 'வெற்றிநடை போடுகிறது' என்று போஸ்டர் ஒட்டுவார்கள். அதைப் பார்த்து சென்னையில் யாராவது டிக்கெட் எடுக்கிறார்களா? விமர்சனத்தைப் பார்க்கிறார்கள், இல்லை முதல் காட்சி பார்த்த நண்பனுக்கு போன் போடுகிறார்கள்.

பி.ஆரின் பலம் அங்கேதான். உங்களிடம் காசு வாங்காத ஒருவர் உங்களைப் பற்றிச் சொல்கிறார். அதற்கு விலை, பிடியை விடுவது. நிருபர் வருவார், செக்கைப் பார்ப்பார், 'ரீஃபைண்டு எண்ணெயைவிட இவ்வளவு விலை ஏன்?' என்று கேட்பார். உங்கள் பதிலில் ஒரு வரிதான் அச்சில் வரும், அதுவும் நீங்கள் விரும்பிய வரியாக இருக்காது. பக்கத்துத் தெருக் கடைக்காரரின் கருத்தும் சேர்ந்தே வரலாம். அன்று பெரிய மழை பெய்தால் செய்தியே வராது. 'போடுவதற்கு முன் எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்' என்று மட்டும் நிருபரிடம் கேட்டுவிடாதீர்கள்.

விளம்பரத்தையும் செய்தியையும் கலப்பது இன்று நேற்றுப் பிரச்சினை அல்ல. 1906-இல் அமெரிக்காவில் பி.ஆர். துறையின் முன்னோடி ஐவி லீ பத்திரிகைகளுக்கு அனுப்பிய கொள்கை அறிக்கையிலேயே, தான் தருவது விளம்பரப் பிரிவுக்குப் போக வேண்டியது என்று தோன்றினால் பயன்படுத்த வேண்டாம் என்றார். இன்று சிலர் 'காசு கொடுத்தால் செய்தியாகவே போட்டுத் தருகிறோம்' என்கிறார்கள். அது பி.ஆர். அல்ல, பெய்ட் நியூஸ். விளம்பரம் என்ற குறிப்பு இல்லாமல் அப்படி வந்தது வெளியே தெரிந்தால் உங்கள் பெயரும் சேர்ந்து கெடும். வேண்டாம்.

செலவு. பி.ஆர். இலவசம் என்பார்கள், நம்பாதீர்கள். பக்கத்துக்குக் காசு இல்லை, ஆளுக்கும் நேரத்துக்கும் உண்டு. உதாரணத்துக்கு, சென்னை தினம் 2004-இல் ஒரு சில ஆர்வலர்கள் தொடங்கியது. ஊரே ஆகஸ்ட் 22-ஐ நினைவு வைத்திருப்பதற்குக் காரணம், அவர்கள் ஆண்டுதோறும் நடத்திய நடைகளும் பேச்சுகளும், அவற்றைப் பத்திரிகைகள் எழுதியதும். அத்தனை பொறுமை கடை திறப்புக்கு உதவாது. விளம்பரத்துக்கோ, காசு நின்ற அன்றே சத்தமும் நின்றுவிடும். பி.ஆர். ஆள் மாதக் கடைசியில் 'பத்து லட்ச ரூபாய் விளம்பரத்துக்குச் சமமான செய்தி வாங்கித் தந்தேன்' என்று கணக்குக் காட்டினால் மயங்க வேண்டாம். அந்தக் கணக்கு பி.ஆரின் மதிப்பு ஆகாது என்று 2010-இல் பார்சிலோனாவில் கூடிய பி.ஆர். துறையினரே சொல்லிவிட்டார்கள்.

விளம்பரத்திலும் பிடி முழுசாக உங்களிடம் இல்லை. 'இந்த எண்ணெய் சாப்பிட்டால் மாரடைப்பு வராது' என்று போட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் வரலாம்.

உங்கள் நிலைக்கு என் யோசனை: திறப்பு நாள், முகவரி, அறிமுக விலை, இவை ஒரு எழுத்து மாறாமல் போய்ச் சேர வேண்டியவை. அதற்கு விளம்பரம்தான். முன்னணி நாளிதழில் பெரிய இடம் எடுத்தால் ஒரே நாளில் பணம் கரைந்துவிடும். உங்களுக்கு வேண்டியது தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைக்காரர்கள் மட்டும்தான். பேப்பர் போடும் பையன்கள் வழியாக பிட் நோட்டீஸ், ஏரியா பேப்பரில் கால் பக்கம், இதற்கு ஒரு லட்சத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். 'செக்கு எண்ணெய் என்ற பெயரில் கலப்படம்தானே விற்கிறார்கள்?' என்ற சந்தேகம் இருக்கிறதே, அதை உங்கள் விளம்பரம் தீர்க்காது. மீதிப் பணத்தை அதற்கு வையுங்கள். மாதச் சம்பளத்துக்கு பி.ஆர். ஆள் இப்போது தேவையில்லை. ஒரு பக்கச் செய்திக் குறிப்பு எழுதத் தெரிந்தவர் போதும். கடலை எந்த ஊரிலிருந்து வருகிறது, ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோ ஆகிறது, புண்ணாக்கு எங்கே போகிறது என்று அதில் இருக்கட்டும். நிருபர் வரும் நேரம் செக்கு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கடலை வாங்கிய பில், ஆய்வுக்கூட அறிக்கை, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம் மூன்றையும் கல்லாவிலேயே வைத்திருங்கள், கேட்பார்கள்.