புதிய விற்பனைப் பிரதிநிதிக்கான முதல் 90 நாள் பணித்திட்டம்

முதல் 30 நாட்கள் நீங்கள் மூத்த பிரதிநிதியுடன் மட்டுமே செல்வீர்கள். அவர் பேசுவதைவிட, வாடிக்கையாளர் எந்த இடத்தில் தயங்குகிறார் என்பதைக் கவனித்து, அன்று மாலையே குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நமது குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவியை உங்கள் கையாலேயே கழற்றி, வடிகட்டியை மாற்றி, கசிவின்றி மீண்டும் பொருத்திப் பழக வேண்டும். விலைப்பட்டியலை மனப்பாடம் செய்வதெல்லாம் அதற்குப் பிறகுதான். 31ஆம் நாளிலிருந்து வாரத்துக்கு 8 சந்திப்புகளை நீங்களே நடத்துவீர்கள். மூத்தவர் உடனிருப்பார், குறுக்கிடமாட்டார். இரண்டாம் மாதத்துக்கு விற்பனை இலக்கு கிடையாது. மூன்றாம் மாதத்தில் வழக்கமான இலக்கில் பாதியான 6 கருவிகள் போதும்.

வெள்ளிக்கிழமைதோறும் காலையில் நாம் இருவரும் அரை மணி நேரம் அமர்ந்து, அந்த வாரம் கைநழுவிய ஒரே ஒரு வாய்ப்பை எடுத்துக்கொண்டு, எந்தக் கேள்விக்குப் பிறகு பேச்சு திசைமாறியது என்று அலசுவோம். எண்ணிக்கையைப் பற்றி அப்போது நான் கேட்கமாட்டேன். அதற்கு மாத இறுதிக் கூட்டம் இருக்கிறது.