டைம்ஷீட் பாக்கி: அக்டோபர் 27 செவ்வாய், காலை 9.15 நிலவரம்

அனைவருக்கும் வணக்கம்.

செப்டம்பர் 26 முதல் அக்டோபர் 25 வரையிலான சம்பளக் கணக்கு நாளை புதன்கிழமை மாலை 5 மணிக்கு மூடப்படுகிறது. வழக்கமாக 5ஆம் தேதி போடும் சம்பளத்தை, தீபாவளி 8ஆம் தேதி வருவதால், இந்த முறை 31ஆம் தேதி சனிக்கிழமையே போடச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்தாவது சனி என்பதால் அன்று வங்கி உண்டு. ஆனால் வெள்ளிக்கிழமை வங்கிக்கு ஃபைல் போய்விட்டால் அதற்குப் பிறகு ஒரு வரியைக்கூட என்னால் மாற்ற முடியாது. அதனால்தான் நாளை 5 மணி என்பதில் இந்த மாதம் தளர்வு இல்லை.

மொத்தம் 46 பேர். 37 பேருடையது முழுமையாக வந்துவிட்டது. நேற்று பட்டியலில் 14 பேர் இருந்தார்கள். நான்கு பேர் ராத்திரியே போட்டுவிட்டார்கள், நன்றி. இன்னொரு பெயர் என் தவறு. செந்தில் அண்ணன் ஒரு வாரம் பேரணாம்பட்டு வேலைக்கு மாறிப் போயிருந்தார், நான் பழைய சைட் பட்டியலை வைத்துப் பார்த்துவிட்டேன். மன்னிக்கவும் அண்ணா. மீதி 9 பேர், 28 நாள்.

ராணிப்பேட்டை சிப்காட், கழிவுநீர் நிலைய பம்ப் வேலை

1017 முருகன், ஃபிட்டர்: 22, 23, 24 மூன்று நாளும் காலி. அண்ணா, அந்த மூன்று நாளும் நீங்கள் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும், சிஸ்டத்துக்குத்தான் தெரியவில்லை.

1031 இம்ரான், எலக்ட்ரீஷியன்: 24ஆம் தேதி காலி. 19ஆம் தேதியும் பாருங்கள் பாய். ஆயுத பூஜை விடுமுறை என்று திரையில் தானாகவே வந்திருக்கிறது, ஆனால் சைட் கேட் பதிவேட்டில் நீங்கள் காலை 8 முதல் மாலை 4 வரை உள்ளே இருந்திருக்கிறீர்கள். விடுமுறை வரியை அழித்துவிட்டு நேரத்தை எழுதுங்கள். பண்டிகை விடுமுறையில் வேலை செய்தவருக்கு இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு மாற்று விடுமுறை. எது வேண்டும் என்று குறிப்புக் கட்டத்தில் ஒரு வரி போதும். 2, 19, 20 தேதிகளில் வேலைக்குப் போன மற்றவர்களும் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக அந்த நாள் சரியாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. விடுமுறை என்று நிரம்பிய நாளை இந்தச் சோதனை பிடிக்காது. இதை நான் கேட் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் பார்த்தேன்.

1040 சரவணன், ஹெல்பர்: 12 முதல் 17 வரை ஆறு நாளும் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் Draft என்றே நிற்கிறது. Save அழுத்தினால் அது உங்கள் போனோடு சரி. Submit அழுத்தினால்தான் சூப்பர்வைசருக்கு வரும். ஒரு நிமிட வேலை.

ஆம்பூர்

1022 ஏழுமலை, வெல்டர்: 8, 9 காலி. அப்புறம் 14ஆம் தேதி. அன்று இரவு 10 மணிக்கு ஏறி மறுநாள் காலை 6 மணிக்கு இறங்கிய ஷிப்ட்டை 15இல் எழுதியிருக்கிறீர்கள். ஷிப்ட் எந்தத் தேதியில் தொடங்குகிறதோ அந்தத் தேதிதான் கணக்கு. எட்டு மணி நேரத்தையும் 14க்கு மாற்றினால், 15இல் நீங்கள் தனியாகச் செய்த வேலையும் ஓவர்டைமும் சரியாக நிற்கும். இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும்.

வாணியம்பாடி

1035 ஜாகிர், 1036 கோபி: இருவருக்கும் 21ஆம் தேதி இல்லை. ஒரே வண்டியில் போனவர்கள். அவர் போடுவார் என்று இவரும், இவர் போடுவார் என்று அவரும் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆளுக்கொரு தாள், இருவருமே போட வேண்டும்.

குடியாத்தம்

1028 பாபு, டிரைவர்: 10ஆம் தேதி சனிக்கிழமை. டிரிப் ஷீட் வந்திருக்கிறது, டைம்ஷீட் வரவில்லை. ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் போல. இரண்டும் வேண்டும்.

காட்பாடி பணிமனை

1009 தனலட்சுமி, ஸ்டோர்ஸ்: 16ஆம் தேதி. அக்கா, லீவு என்று வாயால் சொன்னீர்கள், லீவு ஃபாரம் வரவில்லை. ஃபாரம் இல்லாமல் சம்பளமில்லா விடுப்பாக விழும். உங்களுக்கு லீவு மிச்சம் இருக்கும்போது அது வீண்.

1044 விக்னேஷ்: 12ஆம் தேதி சேர்ந்ததிலிருந்து ஒரு நாளும் இல்லை, மொத்தம் 10 நாள். தம்பி, இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. உங்கள் லாகின் நேற்று மாலைதான் திறக்கப்பட்டது. இன்று மதியம் சாப்பிட்டதும் என் மேசைக்கு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து போட்டுவிடலாம்.

ஆலைக்குள் போன் அனுமதி இல்லாதவர்கள், சிக்னல் கிடைக்காதவர்கள் காகிதத்தில் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம் எழுதி, சைட் சூப்பர்வைசர் கையெழுத்தோடு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். நான் ஏற்றிவிடுகிறேன். கையெழுத்து இல்லாத சீட்டை ஏற்ற முடியாது. போன மாதம் அப்படி இரண்டு ஏற்றி, கடைசியில் நான்தான் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

நாளை 5 மணிக்குள் வராவிட்டால் என்ன ஆகும் என்று நேற்று இரண்டு பேர் கேட்டார்கள். வேலை செய்த காசு எங்கும் போகாது, அடுத்த மாதச் சம்பளத்தில் அரியராக வரும். ஆனால் 31ஆம் தேதி கைக்கு வருவது அவ்வளவு குறையும். லாங் பஜாரில் துணி எடுக்கப் போகும் வாரத்தில் அது யாருக்கும் பிடிக்காது. இன்னொரு பக்கமும் உண்டு. இஎஸ்ஐயில் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை ஒரு பங்களிப்புக் காலம். அதில் 78 நாளாவது கணக்கில் வந்தால்தான் பின்னால் உடம்பு முடியாமல் போனால் நோய்க்கால உதவித்தொகை கிடைக்கும். 15ஆம் தேதிக்குள் நான் கட்டும் கணக்கில் உங்கள் நாள் குறைவாகப் போனால் அதைத் திருத்துவது பெரிய அலைச்சல்.

சூப்பர்வைசர்களுக்கு: ஆம்பூரில் மூன்று தாள் உங்கள் ஒப்புதலுக்காக நிற்கிறது, அதுவும் திங்கட்கிழமை காலையிலிருந்து. ஆட்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டார்கள். வியாழன் மதியம் 12 மணி வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது, ஆனால் அதுவரை இழுக்க வேண்டாம். அந்த மூன்றில் ஒன்றில் ஒரே நாளில் 14 மணி நேரம் என்று இருக்கிறது. உண்மையா, தட்டச்சுப் பிழையா என்று கேட்டுவிட்டு ஒப்புதல் கொடுங்கள்.

பெயரைக் குரூப்பில் போட வேண்டாம் என்று சிலர் சொன்னீர்கள். தனித்தனியாக அனுப்பிப் பார்த்தேன், பாதிப்பேர் திறக்கவே இல்லை. தொகை, எத்தனை நாள் லீவு மிச்சம் போன்றவற்றை இங்கே எப்போதும் எழுத மாட்டேன். பெயர், தேதி மட்டும்தான். யாரையும் குறை சொல்ல இல்லை.

அடுத்த பட்டியல் நாளை காலை 9.15க்கு. அதற்கடுத்தது மதியம் 2 மணிக்கு, அதுவே கடைசி. 2 மணிக்குப் பிறகும் பெயர் இருந்தால் போன் செய்வேன், சைட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து எடுங்கள். இன்று மாலை 7 மணி வரை காட்பாடி அலுவலகத்தில்தான் இருப்பேன். பாஸ்வேர்டு மறந்தவர்கள் நேரில் வந்தாலும் சரி, மெசேஜ் போட்டாலும் சரி.

சுமதி
சம்பளப் பிரிவு