டேனியல் மின்கலம்: அளந்த மின்னழுத்தமும் நெர்ன்ஸ்ட் மதிப்பும் வேறுபடுவது ஏன்?

புதுச்சேரியில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் செய்த இச்சோதனையில், துத்தநாகத் தகட்டை ZnSO₄ கரைசலிலும் தாமிரத் தகட்டை CuSO₄ கரைசலிலும் நிறுத்தி, பொட்டாசியம் குளோரைடு கலந்த அகர் உப்புப் பாலத்தால் இரண்டையும் இணைத்து, மல்டிமீட்டரின் 2 V அளவெல்லையில் மின்னழுத்தம் அளக்கப்பட்டது. கரைசல்களின் வெப்பநிலை 32 °C. எதிர்பார்க்கும் மதிப்பைத் தருவது இச்சமன்பாடு:

E = E° − (2.303RT/2F) log([Zn²⁺]/[Cu²⁺])

பாடநூல்களில் மனப்பாடமாகிவிட்ட 0.0296 V என்ற கெழு 25 °C-க்கு உரியது. கடலோரத்துப் பகல் வெப்பத்தில் அது 0.0303 V ஆகிறது. E° மதிப்பும் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.1 mV வீதம் குறைவதால், 1.100 V-க்குப் பதிலாக 1.099 V எடுத்துக்கொள்ளப்பட்டது. இவ்விரு திருத்தங்களும் சிறியவை. கீழே பேசப்படும் வேறுபாட்டை இவை தீர்ப்பதில்லை.

| கலம் | Zn²⁺ / Cu²⁺ (M) | செறிவுப்படி (V) | அளந்தது (V) | வேறுபாடு (mV) |
|---|---|---|---|---|
| அ | 0.1 / 0.1 | 1.099 | 1.084 | −15 |
| ஆ | 0.1 / 0.01 | 1.069 | 1.066 | −3 |
| இ | 1.0 / 0.01 | 1.039 | 1.054 | +15 |

வேறுபாட்டின் அளவை விட அதன் குறிதான் முதலில் கவனத்திற்குரியது. உள்தடை, மீட்டர் இழுக்கும் மின்னோட்டம், அழுக்கான தகடு ஆகிய வழக்கமான காரணங்கள் எல்லாம் அளவீட்டைக் குறைக்கவே செய்யும். கலம் ‘இ’ கணித்ததை விட 15 mV கூடுதலாகக் காட்டியதை அவற்றில் எதனாலும் விளக்க முடியாது. ஆகவே பிழை அளவீட்டில் மட்டுமல்ல, கணிப்பிலும் இருந்தாக வேண்டும்.

சமன்பாட்டில் இட வேண்டியது செறிவு அன்று, ஆக்டிவிட்டி. இரட்டை மின்சுமை கொண்ட அயனிகள் ஒன்றையொன்று வலுவாக ஈர்ப்பதால், சல்பேட் கரைசல்களில் இவ்விரண்டுக்கும் இடையிலான இடைவெளி பெரிது. சராசரி ஆக்டிவிட்டி கெழு 1.0 M ZnSO₄-க்கு ஏறக்குறைய 0.043; 0.1 M-இல் இரு உப்புகளுக்கும் 0.15, 0.01 M CuSO₄-க்குச் சுமார் 0.40. கலம் ‘இ’-இல் விகிதம் செறிவுப்படி 100 எனத் தோன்றினாலும், ஆக்டிவிட்டிப்படி (1.0 × 0.043)/(0.01 × 0.40), அதாவது ஏறத்தாழ 11 மட்டுமே. இவ்வாறு திருத்தினால் எதிர்பார்ப்பு ‘ஆ’-வுக்கு 1.082 V ஆகவும், ‘இ’-க்கு 1.068 V ஆகவும் உயர்கிறது. ‘அ’-இல் இரு கெழுக்களும் சமமாக இருப்பதால் மாற்றமில்லை. தனி அயனியின் கெழுவை அளக்க இயலாததால் உப்பின் சராசரிக் கெழுவையே பயன்படுத்தியிருக்கிறோம் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

திருத்திய பின் வேறுபாடுகள் −15, −16, −14 mV. குறி மாறித் தாறுமாறாக இருந்தவை ஏறத்தாழ ஒரே எண்ணாகிவிட்டன. கலம் ‘ஆ’-வின் வெறும் −3 mV நல்ல ஒத்துப்போக்கு அன்று, எதிரெதிர்ப் பிழைகள் இரண்டு ஒன்றையொன்று மறைத்ததால் வந்தது என்பதும் இதனால் தெரிகிறது.

மூன்று கலங்களுக்கும் பொதுவான இக்குறைவைக் கரைசல் தயாரிப்பின் மேல் போட முடியாது. செறிவில் 10% தவறு நேர்ந்தாலும் 1.3 mV-தான் மாறும். 15 mV குறைய வேண்டுமானால் விகிதம் மூன்று மடங்கு பிசகியிருக்க வேண்டும். மீட்டரின் உள்தடை 10 MΩ என்பதால், கலத்தின் தடை சில ஆயிரம் ஓம் இருந்தாலும் இழப்பு ஒரு மில்லிவோல்ட்டைத் தொடாது. தாமிர அயனி பாலத்தைக் கடந்து வந்திருந்தால் துத்தநாகத்தின் மேல் கரும்படிவு தெரிந்திருக்கும். இருபது நிமிடத்திற்குப் பிறகும் அப்படி எதுவும் தெரியவில்லை.

எஞ்சியது துத்தநாகத்தின் மேற்பரப்பு. உப்புக்காற்றில் திறந்த அலமாரியில் கிடந்த அத்தகடுகளை நாங்கள் நீரில் கழுவி மட்டுமே பயன்படுத்தியிருந்தோம். மங்கிய சாம்பல் நிறத்தின் மேல் ஆங்காங்கே வெண்பூச்சும் இருந்தது. அத்தகைய படலமும் கரைந்துள்ள ஆக்சிஜனும் சேர்ந்து துத்தநாக மின்முனையின் அழுத்தத்தை நேர்திசையில் நகர்த்துவதால் கலத்தின் மின்னழுத்தம் குறையும். இதைச் சோதிக்க, தகட்டை நுண்ணிய உப்புத்தாளால் பளபளக்கும் வரை தேய்த்து, காய்ச்சி வடித்த நீரில் அலசி, உடனே கலத்தில் இட்டோம். ‘அ’ 1.095 V, ‘இ’ 1.064 V எனக் காட்டின. ‘அ’ இருபது நிமிடத்தில் மீண்டும் 1.086 V-க்கு இறங்கியது. கரைசலையோ பாலத்தையோ தொடாமல் தகட்டை மட்டும் தேய்த்ததில் 10 mV அளவு மீண்டதால், குறைவின் பெரும்பகுதி அங்கிருந்தே வந்தது எனக் கொள்கிறோம். நேரமின்மையால் ‘ஆ’ மீண்டும் அளக்கப்படவில்லை.

மீதமுள்ள −4 mV-க்குக் காரணம் கூற இந்த அளவீடு போதாது. மீட்டரின் துல்லியமே ±0.5%, அதாவது 1.1 V-இல் 5 mV-க்குச் சற்று மேல். அகர் பாலத்தின் சந்தி அழுத்தமும் சில மில்லிவோல்ட் இருக்கக்கூடும்.